முதல் மருத்துவக் காப்பீடு: நாலு கொட்டேஷன், மூணு ஆஸ்பத்திரி பில்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் நாலு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, இதுல எதைப் போடட்டும்? எனக்கு 13,000 ரூபாய்க்கு வர்றதுதான் சரின்னு படுது" என்று கேட்டிருந்தார். வயது 38. மனைவிக்கு 34, மகளுக்கு 9. இதுவரை எந்த மருத்துவக் காப்பீடும் எடுத்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும். கொட்டேஷனில் பிரீமியம் பெரிய எழுத்தில் இருக்கிறது, டிடக்டபிள், கோ-பேமென்ட், காப்பீட்டுத் தொகை மூன்றும் சின்ன எழுத்தில் இருக்கின்றன. அதனால் கண் பிரீமியத்திலேயே நின்றுவிடுகிறது.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டிஸ்சார்ஜ் நேரத்தில் "இன்சூரன்ஸ்தான் இருக்கே, அப்புறம் ஏன் இவ்வளவு கட்டச் சொல்றீங்க?" என்று கேட்ட எத்தனையோ குடும்பங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் பாலிசி எடுத்த அன்றே எழுதப்பட்டிருக்கும். அதனால் தம்பியின் நாலு கொட்டேஷனையும் பிரீமியத்தை வைத்து ஒப்பிடாமல், ஆஸ்பத்திரி பில்லை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒரு பில் வந்தால் அது மூன்று பங்காகப் பிரிகிறது: முதலில் நீங்கள் கட்டுவது, அடுத்து நிறுவனம் கட்டுவது, நிறுவனம் கைவிட்ட பிறகு மீண்டும் நீங்கள் கட்டுவது. டிடக்டபிள், கோ-பேமென்ட், காப்பீட்டுத் தொகை மூன்றும் இந்தப் பங்குகளுக்கு எங்கே கோடு போடுகின்றன என்பதுதான் விஷயம்.

பிரீமியம் என்பது பில் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் கட்டுவது. திரும்பி வராது. வயது ஏற ஏற ஏறும், சிகிச்சைச் செலவு கூடினாலும் ஏறும். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய கொட்டேஷனை யாராவது காட்டினால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடக்டபிள் என்பது நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய ஒரு நிலையான தொகை. 50,000 என்றால் முதல் 50,000 உங்களுடையது. பில் ஒரு லட்சமானாலும் எட்டு லட்சமானாலும் அது 50,000-தான்.

கோ-பேமென்ட், சுருக்கமாகக் கோ-பே, ஒரு சதவீதம். 20 சதவீதம் என்றால், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 20 ரூபாய் உங்களுடையது. ஒரு லட்சத்துக்கு 20,000, ஐந்து லட்சத்துக்கு ஒரு லட்சம்.

காப்பீட்டுத் தொகை என்பது ஒரு பாலிசி ஆண்டில் நிறுவனம் தரும் அதிகபட்சம். குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில் இந்தத் தொகை எல்லோருக்கும் பொது. 5 லட்சம் பாலிசியில் மகளின் சிகிச்சைக்கு இரண்டு லட்சம் போனால், அந்த ஆண்டு மீதிப் பேருக்கு மூன்று லட்சம்தான் இருக்கும். தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பித் தரும் பாலிசிகளும் உண்டு. அதே நபருக்கு, அதே நோய்க்கு நிரப்பித் தருவார்களா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

டிடக்டபிளும் கோ-பேயும் இரண்டுமே "உங்கள் பங்கு" என்பதால் ஏஜென்டுகள் பலர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் குடும்பத்துக்கு அவை செய்வது வேறு வேறு. டிடக்டபிளை முன்கூட்டியே ஒரு வைப்புநிதியில் போட்டு வைக்கலாம், ஏனென்றால் எவ்வளவு என்று இன்றே தெரியும். கோ-பேயில் எவ்வளவு என்பது பில் கையில் வரும்போதுதான் தெரியும். சிகிச்சை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய தொகை, அதுவும் கையில் பணம் இல்லாத நேரத்தில்.

ஆக, ஒவ்வொரு கொட்டேஷனிடமும் கேட்க வேண்டியவை: சின்ன பில்லில் என் கையிலிருந்து எவ்வளவு? நடுத்தர பில்லில்? வீட்டையே ஆட்டும் பெரிய பில்லில்? அந்தத் தொகை எனக்கு இன்றே தெரியுமா?

## நாலு கொட்டேஷன், மூணு பில்

பிரீமியங்களை முழு எண்ணாக்கி, கணக்குக்கு வசதியாக வைத்திருக்கிறேன். நிறுவனம், வயது, ஊர், உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்து உங்களுக்கு வரும் எண் மாறும். விகிதத்தைப் பாருங்கள்.

பில்கள் இவை. டெங்குவுக்குக் காரைக்குடியிலேயே சில நாள் படுத்தால் 40,000. பித்தப்பை அறுவைசிகிச்சைக்கு மதுரை போனால் 2 லட்சம். பெரிய சாலை விபத்தோ இதய அறுவைசிகிச்சையோ என்றால் 8 லட்சம். மூன்றுமே நிறுவனம் ஏற்றுக்கொண்ட செலவுகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

| கொட்டேஷன் | காப்பீட்டுத் தொகை | உங்கள் பங்கு | ஆண்டு பிரீமியம் | 40,000 பில்லில் கைக்காசு | 2 லட்சம் பில்லில் கைக்காசு | 8 லட்சம் பில்லில் கைக்காசு |
|---|---|---|---|---|---|---|
| அ | 5 லட்சம் | இல்லை | 16,000 | 0 | 0 | 3,00,000 |
| ஆ | 5 லட்சம் | 20% கோ-பே | 13,000 | 8,000 | 40,000 | 3,00,000 முதல் 4,00,000 |
| இ | 10 லட்சம் | ஆண்டுக்கு 50,000 டிடக்டபிள் | 14,000 | 40,000 | 50,000 | 50,000 |
| ஈ | 10 லட்சம் | இல்லை | 20,000 | 0 | 0 | 0 |

கடைசிப் பத்தியை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். பிரீமியத்தில் ஆ-வுக்கும் இ-க்கும் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். பெரிய பில்லில் வித்தியாசம் இரண்டரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை.

## கொட்டேஷன் அ: 5 லட்சம், பங்கு எதுவும் இல்லை

சின்ன பில்லும் நடுத்தர பில்லும் வந்தால் இதைப் போல நிம்மதி கிடையாது. கையில் சேமிப்பே இல்லாத, மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு 40,000 ரூபாய் பில்லே பெரிய அடிதான். அந்த வீட்டுக்கு இது பொருந்தும்.

இதில் மறைந்திருக்கும் செலவு காப்பீட்டுத் தொகையில் இருக்கிறது. நம் பக்கம் பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போகிறோம், சிலர் சென்னைக்கே போகிறார்கள். எவ்வளவு காப்பீட்டுத் தொகை வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் ஊர் ஆஸ்பத்திரி பில்லை நினைக்காதீர்கள். மோசமான நாளில் எந்த ஊருக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்களோ, அந்த பில்லை நினையுங்கள். அப்படிப் பார்த்தால் மூன்று பேருக்குப் பொதுவாக 5 லட்சம் என்பது இறுக்கமான கணக்கு.

அ எடுத்தவர்கள் பின்னால் அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. 5 லட்சம் டிடக்டபிள் உள்ள சூப்பர் டாப்-அப் பாலிசியைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் 5 லட்சத்தை அ பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் டாப்-அப் தரும். இங்கே டிடக்டபிள் உங்களுக்குப் பாரமாக இல்லை, ஏனென்றால் அதை இன்னொரு பாலிசி கட்டிவிடுகிறது.

## கொட்டேஷன் ஆ: 5 லட்சம், 20 சதவீதக் கோ-பே

தம்பிக்குப் பிடித்தது இதுதான். அ-வை விட ஆண்டுக்கு 3,000 ரூபாய் குறைவு. ஒரே ஒரு 2 லட்சம் பில் வந்தால் 40,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. அதாவது பதின்மூன்று ஆண்டுகள் சேமித்த பிரீமியம் ஒரு டிஸ்சார்ஜில் போய்விடுகிறது. 38 வயதில், தேர்ந்தெடுக்க வேறு பாலிசிகள் இருக்கும்போது, இந்தப் பேரம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

எட்டு லட்சம் பில்லில் நான் ஏன் இரண்டு எண் எழுதினேன் என்று கேட்பீர்கள். சதவீதத்தை எங்கே கழிப்பார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. மொத்தம் 8 லட்சத்தில் 20 சதவீதம் கழித்தால் 6,40,000. காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்பதால் நிறுவனம் 5 லட்சம் தரும், நீங்கள் 3 லட்சம். முதலில் 5 லட்சத்துக்குக் குறைத்துவிட்டு, அதில் 20 சதவீதம் கழித்தால் நிறுவனம் 4 லட்சம்தான் தரும், நீங்கள் 4 லட்சம். பாலிசி வாசகத்தில் "ஏற்கத்தக்க கிளெய்ம் தொகையில்" என்று ஒரு வரி இருக்கும். காப்பீட்டுத் தொகைக்குச் சுருக்கும் முன்பா, பின்பா என்பதை எழுத்தில், மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை டிஸ்சார்ஜ் கவுன்டரில் உதவாது.

கோ-பே இல்லை என்று நினைத்து எடுத்த பாலிசியிலும் அது வேறு உருவத்தில் ஒளிந்திருக்கலாம். நம் பக்கத்து ஆட்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மண்டலக் கோ-பே. சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, சிறு நகரங்களில் வசிப்பவர்களுக்குக் குறைந்த பிரீமியம் போடுகின்றன. காரைக்குடி முகவரிக்குப் பிரீமியம் குறையும், நல்லதுதான். ஆனால் அந்த பாலிசியை வைத்துக்கொண்டு உயர்ந்த மண்டலத்தில் உள்ள பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால், இத்தனை சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கலாம். நாம் பெரிய நோய்க்கு ஊரைவிட்டுப் போகிறவர்கள். அதனால் இந்த விதி வேறு ஊர்க்காரர்களை விட நம்மைத்தான் அதிகம் பிடிக்கும். "காரைக்குடி முகவரியில் எடுத்தால் சென்னையில், மதுரையில் சிகிச்சைக்கு ஏதாவது கழிப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலான நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனால் கோ-பே, குறிப்பிட்ட வயதுக்கு மேல் சேர்ந்தால் கோ-பே என்றும் உண்டு.

சரி, ஆ யாருக்கு? பெற்றோருக்கு. தம்பியின் அம்மாவுக்கு 63 வயது, சுகருக்கு மாத்திரை எடுக்கிறார். அந்த வயதில் கோ-பே இல்லாத பாலிசி கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பிரீமியம் எட்டாது. 20 சதவீதக் கோ-பேயுடன் 5 லட்சம் கிடைத்தால், 5 லட்சம் வரையிலான பில்லுக்குத் தன் பங்கு அதிகபட்சம் ஒரு லட்சம் என்று தெரிந்து, அதைத் தனியே ஒதுக்கி வைத்து எடுத்துக்கொள்ளலாம். பாலிசியே இல்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு எண்பது நிறுவனம் கட்டுகிறது. அம்மாவைத் தம்பியின் ஃப்ளோட்டரில் மட்டும் சேர்க்க வேண்டாம். ஃப்ளோட்டரின் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடப்படுகிறது. சின்னக் குடும்பத்தின் பிரீமியமும் சேர்ந்து ஏறிவிடும். 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அது பெற்றோர் பாலிசிக்கு ஓரளவு தைரியம்.

## கொட்டேஷன் இ: 10 லட்சம், 50,000 டிடக்டபிள்

டெங்கு வந்து 40,000 பில் ஆனால் இந்த பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. இதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பில்லிலேயே மனக்கசப்பு வரும்.

ஈ-யோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மிச்சம். எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் யாரும் ஆஸ்பத்திரியில் படுக்காவிட்டால் மிச்சமே 50,000-ஐத் தொட்டுவிடும். அதற்குள் இரண்டு மூன்று தடவை படுக்க வேண்டி வந்தால் ஈ-தான் லாபம். சின்ன வயதுக் குடும்பம், அடிக்கடி அட்மிஷன் ஆகிற நோய் எதுவும் இல்லை, 50,000 ரூபாயை வங்கியில் தனியே வைக்க முடியும் என்றால் இ நன்றாக வேலை செய்யும்.

இங்கே கவனமாகப் பார்க்க வேண்டியது, டிடக்டபிள் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒருமுறையா என்பது. ஒரே ஆண்டில் 30,000-க்கு ஒரு பில், 60,000-க்கு ஒரு பில் வருகிறது என்று வையுங்கள். ஆண்டு டிடக்டபிள் என்றால், முதல் பில்லின் 30,000 நீங்கள் கட்டுகிறீர்கள், இரண்டாவதில் மீதி 20,000 கட்டுகிறீர்கள், நிறுவனம் 40,000 தருகிறது. ஒவ்வொரு கிளெய்முக்கும் தனி டிடக்டபிள் என்றால், முதல் பில்லில் 30,000, இரண்டாவதில் மறுபடி 50,000, ஆக 80,000 உங்களுடையது. நிறுவனம் தருவது 10,000 மட்டும். முதல் பாலிசி எடுப்பவருக்கு ஆண்டு டிடக்டபிள் இல்லாத எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு நடைமுறை விஷயம். முதல் பில்லுக்குப் பணம் வராது என்பதால் பலர் காகிதங்களைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டாவது பில் வரும்போது, "முதல் 30,000-ஐ ஏற்கெனவே கட்டிவிட்டேன்" என்று நிரூபிக்க அந்தக் காகிதங்கள்தான் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், கட்டிய ரசீது, மருந்து பில்கள், பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் பாலிசி ஆண்டு முடியும் வரை ஒரு ஃபைலில் வையுங்கள். டிடக்டபிளில் சேர வேண்டுமானால் அந்தச் செலவு பாலிசி ஏற்கும் வகைச் செலவாகவும் இருக்க வேண்டும். கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற ஏற்கப்படாத செலவுகள் அந்த 50,000-இல் சேராது.

பத்து லட்சம் என்பது டிடக்டபிளுக்கு மேலே பத்து லட்சமா, டிடக்டபிளையும் சேர்த்துப் பத்து லட்சமா என்பதையும் கேளுங்கள். கொட்டேஷனில் அது தெரியாது.

மகனோ மகளோ சென்னையில் கம்பெனி வேலையில் இருந்து, அந்தக் குழுக் காப்பீட்டில் நீங்களும் சேர்ந்திருந்தால், இ இன்னும் பொருத்தம். டிடக்டபிள் அளவைக் குழுக் காப்பீடு கட்டும், மேலே உள்ளதை இது கட்டும். வேலை போனால் குழுக் காப்பீடும் போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

## கொட்டேஷன் ஈ: 10 லட்சம், பங்கு எதுவும் இல்லை

அட்டவணையில் மூன்று பூஜ்ஜியம். 20,000 ரூபாயை ஒவ்வோர் ஆண்டும் சிரமமில்லாமல் கட்ட முடிகிறவர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கட்ட முடியுமா என்பதுதான் இதன் சோதனை. பிரீமியம் இன்றைய அளவில் நிற்காது. ஆறாவது ஆண்டில் பாரம் தாங்காமல் பாலிசியை விட்டுவிட்டால், சில நோய்களுக்குப் பணம் வராத காத்திருப்புக் காலத்தை அதுவரை கடந்து வந்ததெல்லாம் வீண். புதிதாக எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த நிலைக்கு வந்தால் விட்டுவிடாமல், புதுப்பிக்கும்போது டிடக்டபிள் சேர்த்துப் பிரீமியத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பிரீமியத்தை மாதத் தவணையாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தவணை நடுவில் கிளெய்ம் வந்தால், அந்த ஆண்டின் மீதித் தவணைகளைக் கிளெய்ம் தொகையில் கழித்துக்கொள்ளும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது.

## அட்டவணையில் வராத கழிவு: அறை வாடகை

அ-விலும் ஆ-விலும் இன்னொரு வரி இருந்தது. "அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்." ஐந்து லட்சத்துக்கு அது 5,000. இ-யிலும் ஈ-யிலும் "தனி அறை" என்று மட்டும் இருந்தது, ரூபாய் வரம்பு இல்லை. டெஸ்க்கில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வரியால் வந்தவை. அதனால் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

பித்தப்பை அறுவைசிகிச்சை, 2 லட்சம் பில். வீட்டார் 8,000 ரூபாய் அறை எடுத்தார்கள், நாலு நாள். மேற்கொண்டு நாளுக்கு 3,000, ஆக 12,000 ரூபாய்தானே கூட ஆகும் என்று நினைத்தார்கள். ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர்ந்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாம் உயரும். அதனால் நிறுவனம் அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில், அதாவது எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில், குறைத்துவிடும்.

அறை வாடகை 32,000. அதில் 20,000 தருவார்கள். சர்ஜன், தியேட்டர், நர்சிங், விசிட் எல்லாம் சேர்ந்து 1,20,000. அதில் எட்டில் ஐந்து பங்கு, 75,000 தருவார்கள். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் சாதனங்கள் போன்றவற்றை இப்படி விகிதத்தில் குறைக்கக் கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி. அந்த 48,000 முழுவதும் வரும். ஆக நிறுவனம் தருவது 1,43,000. அ எடுத்தவருக்கு, பங்கு எதுவும் இல்லை என்று நினைத்த பாலிசியில், 57,000 கைக்காசு. ஆ எடுத்தவருக்கு இந்த 1,43,000-இல் இன்னும் 20 சதவீதம், 28,600 போகும். மொத்தம் 85,600 கைக்காசு. இ எடுத்தவர் கட்டியிருக்கக்கூடிய 50,000-ஐ விட இரண்டுமே அதிகம்.

அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் இந்த விகிதக் கழிவு செய்யக் கூடாது, ஐசியூ கட்டணத்துக்கும் கூடாது. அ மாதிரி பாலிசி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அட்மிஷன் கவுன்டரில் முதல் வேலையாக, "என் வரம்பு 5,000, அதற்குள் அறை கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த வகை அறை காலி இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, அப்போதே நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

## காத்திருப்புக் காலம் நாலுக்கும் பொது

எதை எடுத்தாலும் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் வராது. கண்புரை, ஹெர்னியா, பித்தப்பைக் கல் போன்ற பட்டியலிட்ட நோய்களுக்கும், ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷர் போன்றவற்றுக்கும் அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். 2024-இல் 48 மாதத்திலிருந்து இது குறைக்கப்பட்டது. மேலே நான் கணக்குப் போட்ட பித்தப்பை பில்லும் இந்தக் காலம் முடிந்த பிறகு வந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுகர் மாத்திரை எடுப்பதை மறைத்துப் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் எழுதும்போது "எத்தனை வருஷமா சுகர்?" என்று டாக்டர் கேட்பார், வீட்டில் யாராவது "ஏழு வருஷமா" என்று சொல்வார்கள். அந்த ஒரு வரியை வைத்தே கிளெய்மை மறுக்க முடியும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

## தம்பி எடுத்தது

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால், இதையெல்லாம் பார்க்கும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். அதில் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கிறது. தம்பியின் வருமானம் அதற்கு மேல்.

பட்டறையில் மழைக்காலத்தில் டைல்ஸ் சீக்கிரம் காயாது, ஆர்டரும் குறையும், அந்த மாதங்களில் கையிருப்பு ஆட்டம் காணும் என்றார். அதனால் 50,000-ஐத் தொழில் கணக்கில் வைக்காமல், மனைவி பெயரில் தனி வைப்புநிதியாகப் போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். இ எடுத்துக்கொண்டார். வைப்புநிதி போட முடியாது என்று சொல்லியிருந்தால் அ-வைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அறை வாடகை வரம்பு இல்லாத அ-வாகப் பார்த்து. அம்மாவுக்குத் தனியாக ஆ மாதிரி ஒன்று, சுகரைச் சொல்லியே.

பாலிசி கையில் வந்ததும் அதோடு வரும் கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட் என்ற சில பக்கங்களைத் தமிழில் கேட்டு வாங்கச் சொன்னேன், கேட்டால் தர வேண்டும். காப்பீட்டுத் தொகை, டிடக்டபிள், கோ-பே, அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம் எல்லாம் அதில் தனித்தனி வரியாக இருக்கும். ஏஜென்ட் சொன்னதோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அம்மாவின் பாலிசியில் நெட்வொர்க்குக்கு வெளியே போனால் இன்னும் 10 சதவீதம் என்று ஒரு வரி தட்டுப்பட்டது. பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், காப்பீடு இருந்த நாட்களுக்கான பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் போக மீதிப் பணம் வந்துவிடும். அம்மா வழக்கமாகப் போகும் இரண்டு ஆஸ்பத்திரிகளும் அந்த நிறுவனத்தின் நெட்வொர்க் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.